ஷட்டர் பூட்டும் நேரத்துக்கு ஒரு வாசகம்

கேள்வி: "அண்ணே, எங்க ஊர் சந்தையில தூய்மை இயக்கம் நடத்துறோம். கல்குளம் தாலுகா, காய்கறி, வாழைக்குலை, மீன் எல்லாம் விற்கிற சந்தை. போன தடவை நாங்க எழுதி மாட்டின வாசகங்களைப் பாத்துட்டு 'எங்களை மட்டும் திட்டுறியளா?'ன்னு கடைக்காரங்க கோபப்பட்டுட்டாங்க. திட்டாம, ஆனா மனசுல நிக்கிற மாதிரி எப்படி எழுதுறது?"

தம்பி, முப்பது வருடத்துக்கு மேலாகக் கடைப் பலகை எழுதுவதுதான் என் தொழில். வடசேரி, தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் என்று நம் மாவட்டத்துச் சந்தைகள் பலவற்றிலும் ஏணி போட்டு நின்றிருக்கிறேன். ஏணியில் நிற்கிறவன் காதில் கீழே கடைக்காரர்கள் பேசுவது எல்லாம் விழும். எழுதி முடித்த பலகையைப் பார்த்து அவர்கள் முதலில் சொல்லும் சொல் எனக்குப் பாடம். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது, திட்டு பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது.

"குப்பை போடாதே" என்று எழுதினால், நாற்பது வருடமாக அதே இடத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியை ஒரு சுவர் 'நீ' என்று கூப்பிடுகிறது. சரி, மரியாதை சேர்ப்போம் என்று "போடாதீர்கள்" என்று மாற்றினாலும் குத்தல் போகாது. 'போடாதீர்கள்' என்றால் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். போடாதவரும் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் வியாபாரம் பார்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கோபப்பட்டது நியாயம்தான்.

நம் தமிழில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 'கட்டியாச்சு', 'தூத்தாச்சு', 'பூட்டியாச்சு' என்று சொல்கிறோமே, அந்த 'ஆச்சு'வில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதி மட்டும் இருக்கிறது. கடைக்காரர் வீட்டுக்குப் போனதும் "எல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்று அவர் மனைவி கேட்டால் அவர் சொல்லும் பதிலும் இதே சொல்தான். அவர் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைப் பலகையில் எழுதினால் அது அவருடைய சொல் ஆகிவிடுகிறது.

தடை வாசகத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. பல வருடம் முன்னால் ஒரு ஊர் அலுவலகத்துக்காக சந்தைப் பின்சுவரில் "இங்கு குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்" என்று சிவப்பில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் எழுத்தின் கீழ்ப்பாதி தெரியவில்லை. அவ்வளவு உயரத்துக்குக் குப்பை. பக்கத்து சாயாக்கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "நீ எழுதின பொறவுதான் தெரியாதவனுக்கும் இடம் தெரிஞ்சுது." அவர் சொன்னது உண்மை. எங்கே கொட்டுவது வழக்கம் என்று அந்தப் பலகையே ஊருக்கு அறிவித்துவிட்டது.

1990-இல் அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் சகாக்களும் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடியில் துண்டுத்தாள் சொருகிவிட்டு, அதை யார் கீழே போடுகிறார்கள் என்று கவனித்தார்கள். தரை ஏற்கெனவே குப்பையாகக் கிடந்தபோது அதிகம் பேர் போட்டார்கள், சுத்தமாக இருந்தபோது குறைவு. குப்பையான தரையில் இன்னொருவர் போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகப் போட்டார்கள். அதனால் "எல்லாரும் குப்பை போடுகிறார்கள், இந்த நிலை மாறாதா?" என்கிற மாதிரி வாசகமே வேண்டாம். அது வருத்தம் போலத் தோன்றினாலும், இங்கே இதுதான் வழக்கம் என்றுதான் காதில் விழும். இன்னொன்றும் செய்யுங்கள். முதலில் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு, தரை காய்ந்த பிறகு பலகையை மாட்டுங்கள். குப்பைக்கு மேலே மாட்டிய வாசகத்தைக் குப்பை தோற்கடித்துவிடும்.

இனி உங்கள் சந்தைக்கு வருவோம். வாசகம் எழுதும் முன்னால் ஒரு வாழைக்குலைக் கடையின் ஒரு நாளை முழுதாகப் பாருங்கள். பேனா எடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

காலையில் கடை திறந்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை வாரியல் எடுப்பது. கடைக்குள்ளும் முற்றத்திலும் தூத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போணிக்குக் காத்திருப்பார். முற்றம் பெருக்காமல் முதல் வியாபாரம் பார்க்கும் கடைக்காரரை நான் பார்த்ததே இல்லை. அதாவது நீங்கள் சுத்தத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆள் அவர் இல்லை. சுத்தம் அவரிடம் இருக்கிறது, ஆனால் காலையில் மட்டும் இருக்கிறது. ராத்திரி நிலைமை வேறு. பகல் முழுக்க விற்ற மட்டிக்குலை, செவ்வாழைக்குலையின் தண்டு, பொதிந்து வந்த சருகு, கட்டு அவிழ்த்த நைலான் கயிறு, அழுகிய காய் எல்லாம் கால்மாட்டில் கிடக்கும். மணி ஒன்பது ஆகியிருக்கும், கடைசி பஸ் கவலை இருக்கும். குப்பை வண்டி காலையில் ஆறு, ஏழு மணிக்கு வந்துவிட்டுப் போய்விடும். அவர் கடை திறப்பது அதற்குப் பிறகு. கையில் கொடுக்க அவருக்கு ஒரு நாளும் வாய்ப்பில்லை. அதனால் ஒதுக்கித் தள்ளுகிறார். தள்ளினது ஓடைக்குள் போகிறது.

உங்கள் வாசகம் பேச வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தோடுதான். நாள் முழுக்க இல்லை, ஊர் முழுக்க இல்லை. சரக்கை உள்ளே எடுத்து வைத்ததற்கும் ஷட்டரை இழுப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம். அந்த நேரத்தில் அவர் செய்யக்கூடிய வேலை என்ன? ஒரு பழைய உரச்சாக்கில் தண்டையும் சருகையும் திணித்து, வாயைக் கட்டி, வண்டிக்காரர் எடுக்கும் இடத்தில் சாய்த்து வைப்பது. கயிறும் பிளாஸ்டிக்கும் வேறு சின்னச் சாக்கில். மக்குவதும் மக்காததும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. வாழைக்குலைக் கடையில் பிரிப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை, கயிறைத் தனியாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது எழுதிப் பார்ப்போம். உங்கள் மாதிரிப் பிள்ளைகள் என்னிடம் எழுதிக்கொண்டு வரும் முதல் வாசகம் அநேகமாக இப்படி இருக்கும்:

"கடைக் கழிவுகளைச் சாலையில் கொட்டாதீர்கள்!"

இதில் மூன்று குறை. கொட்டாதே என்கிறது, சரி, அப்புறம் எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. 'கழிவு' என்ற சொல்லை எந்தக் கடைக்காரரும் தன் சரக்கின் மிச்சத்துக்குச் சொல்வதில்லை. கடைசியில் அந்த ஆச்சரியக்குறி, அது விரல் நீட்டுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் திருத்தினால் இப்படி வரும்:

"கடைக் கழிவுகளைச் சாக்கில் கட்டி வைப்போம்."

திட்டு போய்விட்டது, வேலையும் சொல்லியாகிவிட்டது. ஆனால் 'வைப்போம்' என்கிறவர் யார்? உறுதிமொழி வாசிக்கிற குரல் அது. மேடையில் நின்று சொல்பவர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாக்குக் கட்ட வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். காதுக்கும் ஓசை இல்லை. இன்னும் ஒரு படி போனால்:

"சாக்கு கட்டியாச்சு, ஷட்டர் பூட்டியாச்சு."

நாலே சொல். 'கட்டி', 'பூட்டி' என்று இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை மாதிரி காதில் விழும். சாக்கும் ஷட்டரும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே ஓசை. எந்த வேலை, எந்த நேரம், எது முதலில், எது பிறகு என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஷட்டர் என்பது இங்கிலீஷ் சொல்லாச்சே என்று உங்கள் தமிழ் ஆசிரியர் தயங்கலாம். சந்தையில் அதற்கு வேறு பேர் இல்லை தம்பி, எழுதுங்கள்.

இதற்கு ஜோடியாகக் காலைக்கும் ஒன்று வேண்டும். அதில் அவர் ஏற்கெனவே செய்வதைச் சொல்லி மதிக்கலாம்:

"முற்றம் தூத்தாச்சு, முதல் போணி பாத்தாச்சு."

இந்த ஜோடியை அடுத்தடுத்து வைத்தால் ராத்திரி வாசகம் புதிய கட்டளையாகத் தெரியாது. காலையில் செய்வதன் மறுபாதியாகத் தெரியும். நான் இதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

போணி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுத்தேன். "சுத்தமான கடைக்கு லட்சுமி வருவாள்" என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் மாவட்டத்துச் சந்தையில் ஒரு கடையில் முருகன் படம், அடுத்த கடையில் மாதா படம், அதற்கடுத்த கடையில் பிஸ்மில்லா பலகை. ஒரு வரிசை முழுக்க ஒரே வாசகம் போவதென்றால் அது எல்லாருடைய வாயிலும் வர வேண்டும். கோலம், விளக்கு என்று எழுதினாலும் சிலர் வெளியே நின்றுவிடுவார்கள். முற்றம் பெருக்காத வீடும் போணி பார்க்காத கடையும் இந்த மாவட்டத்தில் கிடையாது.

எங்கே எழுதுவது என்பது வாசகத்தில் பாதி. ஷட்டரை இழுக்கும்போது கடைக்காரர் வெளியே, தெருவில் நிற்கிறார். மேலே சுருண்டிருந்த தகடு இறங்கும்போது அடிப்பட்டைதான் முதலில் அவர் கண்ணுக்கு நேராக வரும். "சாக்கு கட்டியாச்சு, ஷட்டர் பூட்டியாச்சு" என்பதை அந்த அடிப்பட்டைக்கு மேல் நாலைந்து பட்டை விட்டு எழுதினால், பாதி இறக்கும்போது நெஞ்சுக்கு நேராக வரும். அந்த இடத்தில் வாசிப்பவர் சாக்கு ஞாபகம் வந்து திரும்பி உள்ளே போக இன்னும் வழி இருக்கிறது. பகலில் ஷட்டர் மேலே சுருண்டுவிடுவதால் வாடிக்கையாளர் கண்ணில் அது படவே படாது. கடைக்காரருக்கும் அந்த வாசகத்துக்கும் நடுவில் உள்ள பேச்சாக அது இருக்கும். எல்லார் முன்னாலும் சொன்னால் திட்டு, தனியாகச் சொன்னால் ஞாபகப்படுத்தல் என்பது மனிதருக்கு மட்டுமில்லை, பலகைக்கும்தான். காலை வாசகத்தை அதே ஷட்டரில் கண் உயரத்துக்கு எழுதலாம், பூட்டைத் திறக்க நிற்கும்போது எதிரே இருக்கும்.

பழைய சந்தைகளில் இன்னும் நிரைப்பலகைக் கடைகள் சில உண்டு. பலகைகளுக்கு வரிசை எண் போட்டு ஒவ்வொன்றாகச் சொருகி, கடைசிப் பலகையில் பூட்டுப் போடுவார்கள். அங்கே அந்தக் கடைசிப் பலகையில் மட்டும் எழுதுங்கள். கையில் தூக்கும்போதே வாசித்துவிடுவார்.

எழுத்தளவுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் வைத்தால் சிரமம் இல்லாமல் வாசிக்கலாம். ஷட்டர் முன் நிற்பவருக்கு இரண்டு அங்குலமே தாராளம். சந்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டிய பலகைக்கு இரண்டரை, மூன்று. தமிழில் கொம்பும் காலும் சேர்ந்து இடம் பிடிக்கும் என்பதால் நாலடி அகலத்தில் இரண்டு அங்குல எழுத்து ஒரு வரிக்கு இருபதுக்கு மேல் வராது. வாசகம் நீண்டால் எழுத்து சிறுக்கும், எழுத்து சிறுத்தால் யாரும் நிற்கமாட்டார்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம். அது பிளாஸ்டிக், இரண்டு மழையில் கிழிந்து நீங்கள் அள்ள வேண்டிய குப்பையில் சேரும். தகரத்தில் எனாமல் பெயின்ட், மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. சிவப்பு எழுத்து வேண்டாம், அதைப் பார்த்தாலே அபராத அறிவிப்பு என்று கண் நினைத்துக்கொள்ளும்.

குலைக்கடைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், முறை பிடிபட்டால் மற்றவற்றை நீங்களே எழுதிவிடலாம். ஆனாலும் ஓடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு தடவையும் சந்தை ஓடை அடைத்துத் தண்ணீர் கடைக்குள் ஏறும், அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் நனையும். இந்த நஷ்டம் கடைக்காரருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்தது. அந்த அனுபவத்தைக் குற்றமாகச் சொல்லாமல் அப்படியே எழுதினால்:

"ஓடைக்குள்ள தண்ணி மட்டும், கடைக்குள்ள சரக்கு மட்டும்."

'ஓடை', 'கடை' ஓசை தானாகவே ஒத்து அமைந்தது. யார் போட்டது, யார் அடைத்தது என்ற கேள்வியே இதில் எழவில்லை. இதைக் கடையில் எழுதாதீர்கள், ஓடை மூடியின் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில் எழுதுங்கள். தள்ளக் குனிகிறவர் கண்ணில் படும்.

மீன் பகுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பலகை மாட்ட ஷட்டரும் இல்லை, சுவரும் இல்லை. தலைக்கு மேல் கட்டிய பலகையை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கண் முழுக்க மீனிலும் கத்தியிலும் இருக்கும். அங்கே வாசகம் ஏற வேண்டிய இடம் வாளி. இயக்கத்தின் சார்பில் ஆளுக்கொரு மூடி போட்ட வாளி கொடுத்து, அதன் பக்கத்தில்

"மீன் தட்டில, செதில் சட்டியில"

என்று எழுதிக் கொடுங்கள். வாளி கொடுக்க முடியாவிட்டால் வாசகமும் வேண்டாம். செதிலும் குடலும் போட இடம் தராமல் அந்த அக்காமாரிடம் சுத்தம் பேசுவது அநியாயம். வாய்விட்டு வாசிக்க நன்றாக இருப்பதால் அவர்களே அதைச் சொல்லத் தொடங்குவார்கள், அச்சில் இருப்பதைவிட அது நெடுநாள் நிற்கும்.

சாயாக்கடையில் ஒரு கவனம். காகிதக் கப்பைத் தொட்டியில் போடச் சொல்லி நிறைய வாசகம் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. அப்படி இருக்க, கப்பைப் பற்றி எழுதினால் கடைக்காரரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடுகிற மாதிரி ஆகும். கண்ணாடி கிளாஸில் தருகிறவரைப் பெருமைப்படுத்தி எழுதுங்கள்:

"கண்ணாடி கிளாஸ்ல கடுப்பமா ஒரு சாயா."

இதில் சுத்தம் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? வியாபார விளம்பரம் மாதிரி இருக்கும், கடைக்காரர் சந்தோஷமாக முன்னால் மாட்டுவார். அதை மாட்டினவர் மறுநாள் காகிதக் கப் எடுக்கக் கொஞ்சம் கூசுவார்.

கடைக்காரரிடம் பேசுகிற வாசகத்தோடு, அவர் சார்பாக வாடிக்கையாளரிடம் பேசுகிற ஒரு வாசகமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "எங்களை மட்டுமா?" என்ற கேள்வி திரும்ப வரும். பை கேட்கும் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லக் கடைக்காரருக்கு வாய் வராது, பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்ற பயம். அவர் சொல்லத் தயங்குவதைப் பலகை சிரித்த முகத்தோடு சொல்லட்டும்:

"பையோட வாங்க, பாத்துப் பாத்து வாங்க."

முதல் 'வாங்க' வரவேற்பு, இரண்டாவது வியாபாரம். இதைத் தராசுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் பக்கம் பார்த்து வையுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே நாளில் மாட்ட வேண்டும். பத்துக் கடையில் மாட்டி நாலு கடையில் மாட்டாவிட்டால், மாட்டியவர்தான் நஷ்டப்படுவார். துணிப்பை மாதிரி இருக்கும் அந்த நெய்யாத கலர்ப் பைகளில் வாசகம் அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், 2019-இன் அதே தடைப் பட்டியலில் அதையும் சேர்த்திருந்தார்கள்.

பலகையின் கீழே யார் பேர் போடுவது என்றும் யோசியுங்கள். தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கல்லூரிப் பிள்ளைகள் பேரில் "நம்ம சந்தை" என்று எழுதினால், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது எப்படி நம்ம சந்தை என்று கடைக்காரர் நினைக்கலாம். வியாபாரிகள் சங்கத்தின் பேரில் அதே 'நம்ம' இயல்பாக இருக்கும். உங்கள் பேர் வராவிட்டால் பரவாயில்லை. சங்கச் செயலாளரிடம் வாசகங்களைக் கொடுத்து, "நீங்க திருத்தித் தாங்க" என்று கேளுங்கள். ஒரு சொல்லையாவது அவர் மாற்றுவார். மாற்றிய பிறகு அது அவருடைய வாசகம், அதை மாட்டவைப்பது அவர் பொறுப்பு.

எழுதும் முன்னால் ஒரு சோதனை. வாசகத்தை மூன்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விளக்கம் கொடுக்காமல். "நாங்களா போடுறோம்?" என்று பதில் வந்தால் அதில் இன்னும் திட்டு இருக்கிறது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தால், அதில் வேலை ஒன்றும் இல்லை, வெறும் ஓசை. "சரி, வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டால் எழுதலாம். அவர் அதை வேலையாக எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விட்டார் என்று பொருள்.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சந்தையில் ஒரு வரிசைக்கு இந்த ஷட்டர் வாசகத்தை எழுதினேன். கடைக்காரர்கள் முதல் வாரமே சாக்குக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ராத்திரி கட்டி வைத்த சாக்கை விடியும் முன்னால் நாயும் மாடும் பிய்த்து இழுத்துத் தெரு முழுக்கப் பரத்திவிட்டன. காலையில் வந்த தூய்மைப் பணியாளர்களுக்கு இரட்டை வேலை. சாக்கு கட்டுவதற்கு முன் குப்பை ஒரு மூலையில் கிடந்தது, இப்போது தெரு நீளத்துக்குக் கிடக்கிறது. "உன் போர்டால வந்த வினை" என்று ஒரு அண்ணாச்சி என்னிடமே சொன்னார். குறை வாசகத்தில் இல்லை, சாக்கு நின்ற இடத்தில். வரிசையின் இரண்டு முனையிலும் இடுப்பு உயரத்துக்குக் கம்பிக் கூண்டு ஒன்று வைத்து, சாக்கை அதற்குள் வைக்கச் சொன்ன பிறகுதான் சரியானது. கூண்டில் எழுதியது ஒரே சொல், "சாக்கு", கூடவே வண்டி வரும் மணி. அதனால் வண்டி நேரத்தையும் சாக்கு வைக்கும் இடத்தையும் எழுத்தில் வாங்கின பிறகே என்னை மாதிரி ஆளைக் கூப்பிடுங்கள்.

மாட்டி ஒரு மாதம் கழித்து ஒரு சுற்று வாருங்கள். பலகையை மறைத்துக் குலை தொங்கினால் அந்தக் கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை, ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், சண்டை வேண்டாம். தூசி துடைத்துச் சுத்தமாக இருந்தால் அதைத் தன் கடைச் சாமானோடு சேர்த்துக்கொண்டார். ஷட்டர் எழுத்து வேலை செய்கிறதா என்று பார்க்க ராத்திரி ஒன்பதேகாலுக்குப் போங்கள், பகலில் ஒன்றும் தெரியாது. கூண்டில் எத்தனை சாக்கு, அதில் எத்தனை வாய் கட்டியது என்று எண்ணுங்கள். ஒரே வாசகத்தை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதற்குப் பிறகு கண் அதைச் சுவராகவே எடுத்துக்கொள்ளும். வண்ணத்தையாவது மாற்றுங்கள்.

ஓடை வாசகத்தை மட்டும் மே மாதம் முடிவதற்குள் எழுதிவிடுங்கள். மழை தொடங்கினால் ஓடைப்பக்கச் சுவர் ஈரம் குடித்துவிடும், ஈரச்சுவரில் எனாமல் பிடிக்காது, கொப்புளம் விட்டு உரியும். சுவரைச் சுரண்டி, உப்புப் பூத்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, பிரைமர் ஒரு கோட் கொடுத்த பிறகு என்னிடம் சொல்லுங்கள். எழுத ஒரு பகல் போதும்.